படம் கொடுத்தால் மட்டும் ஏன் இவ்வளவு தாமதம்? கடிகாரம் வைத்து அளந்த கதை

மோட்டார் காயில் கட்டும் அண்ணன் ஒருவருக்காக ஆரம்பித்த வேலை இது. அவர் பட்டறைக்கு வரும் ஒவ்வொரு மோட்டாரின் நேம் பிளேட்டையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்வார். பிறகு உட்கார்ந்து வோல்ட், ஆம்பியர், கிலோவாட், வரிசை எண் எல்லாவற்றையும் நோட்டில் எழுதுவார். படத்தைப் பார்த்து எழுத்தைப் படிக்கும் மாடல்கள் இப்போது சாதாரண மடிக்கணினியிலேயே ஓடுகின்றனவே, இணையம் இல்லாமல் அதையே செய்துவிடலாம் என்று வாய்விட்டேன்.

கணினியில் தனி கிராபிக்ஸ் அட்டை கிடையாது. நான்கு கோர் பிராசசர், 16 ஜிபி நினைவகம், அவ்வளவுதான். மாடல் `Qwen2.5-VL-3B-Instruct`, நான்கு பிட்டுக்குச் சுருக்கியது. ஓட்டுவதற்கு llama.cpp தொகுப்பில் வரும் `llama-mtmd-cli`. இரண்டு கோப்புகள் வேண்டும்: ஒன்று மொழி மாடல், இன்னொன்று `mmproj` என்று பெயர் தொடங்கும் கோப்பு. இரண்டாவதுதான் கண்.

```
llama-mtmd-cli -m Qwen2.5-VL-3B-Instruct-Q4_K_M.gguf \
  --mmproj mmproj-Qwen2.5-VL-3B-Instruct-f16.gguf \
  --temp 0 -c 8192
```

இப்படி ஓட்டினால் உரையாடல் போலத் திறந்துகொள்ளும். எழுத்தில் ஒரு கேள்வி தட்டினேன். இரண்டு விநாடிக்குள் முதல் சொல் வந்துவிட்டது. அடுத்து `/image plate.jpg` என்று படத்தை ஏற்றி, மின்னோட்டம் எவ்வளவு என்று ஒரே வரியில் கேட்டேன். கர்சர் சிமிட்டியது, மின்விசிறி இரைந்தது, நிமிடங்கள் ஓடின. பக்கத்தில் நின்ற அண்ணன் சொன்னார்: "தம்பி, எழுதிக் கேட்டா பட்டுனு சொல்லுது. போட்டோவைக் காட்டினா தூங்கிடுதே. இதுக்குள்ள நான் பத்து பிளேட்டை நோட்ல ஏத்திடுவேன்."

அவர் சொன்னதில் தப்பில்லை. எங்கே தூங்குகிறது என்று பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதல் சந்தேகம் கோப்பின் எடைமேல்

படம் நான்கு எம்பிக்குக் கொஞ்சம் குறைவு. எழுதிய கேள்வியோ நூறு பைட்டுகூட இருக்காது. வித்தியாசம் இங்கேதான் இருக்கும் என்று முடிவு கட்டிவிட்டேன். JPEG தரத்தை 40க்குக் குறைத்துச் சேமித்தேன். கோப்பு ஒரு எம்பிக்குக் கீழே வந்தது. மீண்டும் ஓட்டினேன். நேரம் அப்படியே நின்றது. விநாடிக் கணக்கில்கூடச் சொல்லிக்கொள்ளும் வித்தியாசம் இல்லை.

இதில் அரை நாள் போனது. கோப்பின் எடை ஒரே ஒரு இடத்தில்தான் வலிக்கும்: படம் வேறு ஊரில் இருக்கும் சர்வருக்குப் போக வேண்டும் என்றால். நொடிக்கு 2 மெகாபிட் மட்டுமே மேலேற்றும் இணைப்பில் 4 எம்பி படம் போய்ச் சேர 16 விநாடி ஆகும். வழியில் அதை base64 எழுத்தாக மாற்றினால் இன்னும் மூன்றில் ஒரு பங்கு கூடும். அங்கே தரத்தைக் குறைப்பதில் அர்த்தம் உண்டு. என் படம் கணினியை விட்டே வெளியே போகவில்லை. உள்ளே போனதும் JPEG சுருக்கம் முழுக்கப் பிரிக்கப்பட்டு வெறும் பிக்சல்களாகிவிடுகிறது. ஒரு எம்பி கோப்பானாலும் நான்கு எம்பி கோப்பானாலும், 4000 × 3000 என்றால் பிக்சல் அதே ஒரு கோடியே இருபது லட்சம்தான்.

பிக்சல் எப்படிச் சொல்லாக மாறுகிறது

எழுத்து மாடலுக்கு நேராகவே போய்ச் சேர்கிறது. தட்டிய வரியைத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் அட்டவணையில் இருக்கும் எண்ணை எடுத்து வைத்தால் முடிந்தது. இந்தத் துண்டுக்குத்தான் டோக்கன் என்று பெயர். என் கேள்வி, அதைச் சுற்றி நிரல் தானாகப் போடும் குறிகளோடு சேர்த்து, சுமார் 40 டோக்கன். (தமிழில் கேட்டால் கூடும். இந்த மாடல்கள் தமிழ்ச் சொல்லை ஆங்கிலச் சொல்லைவிடப் பொடிப்பொடியாக உடைக்கின்றன. அப்படியும் ஒற்றை வரி சில நூறைத் தாண்டாது.)

படத்துக்கு அப்படி அட்டவணை கிடையாது. இந்த மாடல் படத்தை 14 × 14 பிக்சல் கட்டங்களாக வெட்டுகிறது. ஒவ்வொரு கட்டமும் கண் பகுதியின் எல்லா அடுக்குகளையும் கடந்து வருகிறது. கடைசியில் பக்கத்துப் பக்கத்து நான்கு கட்டங்களைச் சேர்த்து ஒரு டோக்கன் ஆக்குகிறது. அதாவது 28 × 28 பிக்சலுக்கு ஒரு டோக்கன். கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்தபோதுதான் திக்கென்றது. 4000ஐ 28ஆல் வகுத்தால் 143, 3000ஐ வகுத்தால் 107. பெருக்கினால் 15,301 டோக்கன். நான் தட்டிய கேள்வியைப் போலக் கிட்டத்தட்ட 380 கேள்விகளை ஒரே மூச்சில் படிக்கச் சொன்ன மாதிரி.

நல்லவேளை, நிரல் அவ்வளவையும் விழுங்குவதில்லை. தனக்கென ஒரு மேல்வரம்பு வைத்துக்கொண்டு படத்தை அதற்குள் சுருக்கிக்கொள்கிறது. அந்த வரம்பு பதிப்புக்குப் பதிப்பு மாறுகிறது. எனவே அதை நம்பாமல் நானே சுருக்கிக் கொடுத்து அளப்பது என்று முடிவு செய்தேன்.

மூன்று அளவு, இரண்டு நேரம்

28ஆல் மீதியின்றி வகுபடும் அளவுகளாக எடுத்துக்கொண்டேன். 448 × 336 என்றால் 16 × 12, ஆக 192 டோக்கன். 896 × 672 என்றால் 768. 1792 × 1344 என்றால் 3072. ஒவ்வொரு படியும் முந்தையதைப் போல நான்கு மடங்கு.

```
magick plate.jpg -auto-orient -resize 896x672 plate_896.jpg
```

அந்த `-auto-orient` அடி வாங்கிக் கற்றுக்கொண்டது. போனைச் சாய்த்து எடுத்த படத்தில் பிக்சல் ஒரு பக்கமாக இருக்கும். எந்தப் பக்கம் நிமிர்த்த வேண்டும் என்ற குறிப்பு மட்டும் கோப்பின் தலையில் தனியாக எழுதியிருக்கும். படம் காட்டும் நிரல்கள் அதைப் படித்து நிமிர்த்திக் காட்டும். நான் ஓட்டிய நிரல் அந்தக் குறிப்பைக் கண்டுகொள்ளாது. நம் கண்ணுக்கு நேராகத் தெரியும் படம் மாடலுக்குப் படுத்துக்கிடக்கிறது. முதல் நாள் வந்த உளறல்களில் பாதி இதனால்தான்.

படம் உள்ளே போகும்போது திரையில் இரண்டு வரிகள் நேரத்தோடு வரும். `image slice encoded in ... ms` என்பது கண் பகுதி வேலை செய்த நேரம். `image decoded (batch 1/1) in ... ms` என்பது கண் கொடுத்த டோக்கன்களை மொழி மாடல் படித்து முடித்த நேரம். இரண்டாவதற்கு வைத்த பெயர் குழப்பமானது. பதில் எழுதுவதோ JPEG பிரிப்பதோ இல்லை அது, வெறும் படிப்பு.

என் கணினியில் வந்தது தோராயமாக இப்படி. 192 டோக்கன் படத்துக்குக் கண் 6 விநாடி, படிப்பு 8 விநாடி. 768 டோக்கனுக்கு 27, 31. 3072 டோக்கனுக்கு 140, 132. எழுத்துக் கேள்வியில் கண்ணுக்கு வேலையே இல்லை. படிப்பு இரண்டு விநாடிக்குள் முடிந்துவிடும். வேறு கணினியில் எண்கள் மாறும், வடிவம் மாறாது. நல்ல கிராபிக்ஸ் அட்டை இருந்தால் எல்லாமே விநாடிக்குள் சுருங்கிவிடலாம்; அப்போதும் படத்தின் பங்கு எழுத்தின் பங்கைவிடப் பல மடங்காகத்தான் இருக்கும்.

இந்த எண்களில் எனக்கு வியப்பாக இருந்தது கண்ணின் பங்கு. மாடல் பயிற்சியில் கற்று வைத்திருக்கும் எண்கள் மொழிப் பகுதியில் சுமார் 300 கோடி, கண் பகுதியில் சுமார் 67 கோடி. நான்கில் ஒரு பங்குகூட இல்லாத கண் எப்படிச் சரிக்குச் சரி நேரம் எடுக்கிறது? விடை அந்த நான்கு கட்டத்தில் இருக்கிறது. நான்கைச் சேர்த்து ஒன்றாக்குவது கண்ணின் வேலை முடிந்த பிறகுதான் நடக்கிறது. மொழிப் பகுதி 768 டோக்கனைப் படிக்கும்போது, கண் அதற்கு முன்பே 3072 கட்டங்களைக் கடைசிவரை சுமந்து வந்திருக்கிறது. பெரிய படத்தில் கண்ணின் நேரம் நான்கு மடங்கையும் தாண்டி ஐந்தை எட்டியதற்கும் காரணம் உண்டு. அதன் அடுக்குகளில் பெரும்பாலானவை பக்கத்துக் கட்டங்களை மட்டும் பார்த்துக்கொள்கின்றன. நான்கு அடுக்குகள் மட்டும் ஒவ்வொரு கட்டத்தையும் மற்ற எல்லாக் கட்டங்களோடும் ஒப்பிடுகின்றன. கட்டம் நான்கு மடங்கானால் அந்த ஒப்பீடு பதினாறு மடங்காகிறது.

எல்லா மாடலும் இதே வழியில் போவதில்லை. 2023இல் வந்த LLaVA-1.5 எந்தப் படத்தையும் 336 × 336 ஆக்கிவிடும். 14ஆல் வகுத்தால் 24 × 24, எப்போதும் 576 டோக்கன். அங்கே நீங்கள் படத்தைச் சுருக்கினாலும் பெருக்கினாலும் காத்திருப்பு ஒன்றுதான். தாமதத்தைக் குறைக்கும் முன் உங்கள் மாடல் எந்த ரகம் என்று பார்த்துக்கொள்வது நல்லது.

பதில் எழுதும் வேகம் குறையவில்லை

இன்னொன்றையும் கவனித்தேன். முதல் சொல் வரத்தான் தாமதம். வந்த பிறகு சொற்கள் கொட்டும் வேகம் எழுத்துக் கேள்விக்கும் படத்துக்கும் ஏறத்தாழ ஒன்றே, நொடிக்குப் பத்து டோக்கன் சுற்றி.

படிப்பதும் எழுதுவதும் வேறு வேறு இடத்தில் மூச்சு வாங்குகின்றன. எழுதும்போது ஒவ்வொரு டோக்கனுக்கும் இரண்டு ஜிபிக்குக் கொஞ்சம் குறைவான மாடல் முழுவதையும் நினைவகத்திலிருந்து ஒருமுறை இழுத்துப் படிக்க வேண்டும். அங்கே முட்டுவது நினைவகத்தின் வேகம். படிக்கும்போது ஒருமுறை இழுத்ததை நூற்றுக்கணக்கான டோக்கன்களுக்குச் சேர்த்துப் பயன்படுத்திக்கொள்ளலாம். அங்கே முட்டுவது பெருக்கல் கணக்கு, அதாவது பிராசசரின் வலு. படம் கூட்டுவது முழுக்க இந்த இரண்டாம் ரக வேலையைத்தான். மின்விசிறி அப்போது மட்டும் இரைவதும் இதனால்தான்.

ஒரு விதிவிலக்கு. "இது என்ன?" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால், படத்துக்கு மாடல் ஒரு கட்டுரையே எழுதும்: நீல நிறம், நான்கு திருகு, மூலையில் துரு. அந்த 200 டோக்கனுக்கு 20 விநாடி போய்விடும். ஆம்பியர் எண் மட்டும் வேண்டும் என்று கேட்டால் ஒரு விநாடியில் முடியும். படத்தின் தலையில் போட்ட பழியில் கொஞ்சம் என் கேள்வியுடையது.

அதே படத்தைப் பற்றி இரண்டாவது கேள்வி கேட்டபோது பதில் இரண்டு விநாடியில் வந்தது. படம் ஏற்கெனவே படித்து வைக்கப்பட்டுவிட்டது. புதிதாகப் படிக்க வேண்டியது கேள்வியின் சில டோக்கன்கள்தான். ஆகவே ஒவ்வொரு பிளேட்டுக்கும் நிரலைப் புதிதாக ஓட்டி ஆம்பியருக்கு ஒரு முறை, வோல்ட்டுக்கு ஒரு முறை என்று படத்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்துக்கொண்டிருந்த என் முதல் ஸ்கிரிப்ட் வடிகட்டிய முட்டாள்தனம். படத்தை ஒருமுறை ஏற்றி எல்லாவற்றையும் அடுத்தடுத்துக் கேட்பது என்று மாற்றினேன்.

சுருக்கியதில் வந்த வினை

இவ்வளவு தெரிந்ததும் ஆசை வந்துவிட்டது. 448 × 336க்கே இறங்கினேன், 14 விநாடியில் பதில். ஒரு பிளேட்டில் 400 வோல்ட், 2.2 கிலோவாட், 1.8 ஆம்பியர் என்று வந்தது. தயக்கம், தடுமாற்றம் எதுவும் இல்லாத சுத்தமான பதில். மூன்று முறை ஓட்டினேன். மூன்று முறையும் 1.8. `--temp 0` போட்டிருந்ததால் அதே தப்பு அதே மாதிரி வருவதில் ஆச்சரியம் இல்லை. திரும்ப ஓட்டிப் பார்ப்பது சரிபார்ப்பு ஆகாது.

எண்ணைப் பார்த்ததும் அண்ணன் சிரித்தார். "ரெண்டே கால் கிலோவாட் மோட்டார் ரெண்டு ஆம்பியர்கூட இழுக்காதா? அப்படி ஒண்ணு இருந்தா எனக்கும் ஒண்ணு வாங்கிக் கொடு."

மும்முனை மோட்டாருக்கு 1.732 × வோல்ட் × ஆம்பியர் போட்டால் அது இழுக்கும் மொத்த வோல்ட்-ஆம்பியர் வரும். 1.732 × 400 × 1.8 என்றால் 1247. வெளியே தருவது 2200 வாட் என்று பிளேட்டே சொல்கிறது. உள்ளே போவதைவிட அதிகமாக வெளியே வராது. லென்ஸ் வைத்துப் பார்த்தோம், 4.8. அதைப் போட்டால் 3325. 2200ஐ அதால் வகுத்தால் 0.66, பவர் ஃபேக்டரும் செயல்திறனும் பெருக்கி வரும் எண்ணுக்கு இது பொருந்துகிறது.

காரணம் எளிது. மூலப் படத்தில் அந்த எண்ணின் உயரம் சுமார் 40 பிக்சல். 4000ஐ 448 ஆக்கும்போது அது நாலரை பிக்சலாகிவிட்டது. 4க்கும் 1க்கும் அங்கே என்ன வித்தியாசம் மிஞ்சும்? 896லும் ஒன்பது பிக்சல்தான். ஒரே டோக்கனுக்குள் மூன்று வரி அடைந்துகிடக்கும். 1792 போனால் 18 பிக்சல், எண் சரியாக வந்தது, ஆனால் நாலரை நிமிடம்.

முழுப் படத்தையும் சுருக்கியதுதான் தப்பு. 3072 டோக்கனில் பெரும்பகுதி மோட்டாரின் உடம்பையும் பட்டறைத் தரையையும் படிக்கப் போகிறது. பிளேட் இருப்பது நடுவில் 1344 × 1008 பிக்சலுக்குள். அதை மட்டும் வெட்டி, பாதியாகச் சுருக்கினேன்.

```
magick plate.jpg -auto-orient -crop 1344x1008+1300+950 \
  +repage -resize 672x504 small.jpg
```

இப்போது எண்ணின் உயரம் 20 பிக்சல், நாலரை நிமிடம் எடுத்த படத்தைவிடக் கொஞ்சம் பெரிது. டோக்கன் 24 × 18, அதாவது 432. கண் 15 விநாடி, படிப்பு 17 விநாடி. 4.8 சரியாக வந்தது.

`-crop` எண்களை ஒவ்வொரு படத்துக்கும் கையால் போட முடியாது. படம் எடுக்கும்போதே பிளேட் திரையை நிறைக்கும்படி கிட்டப் போய் எடுக்கச் சொல்லிவிட்டேன். இப்போது வெட்டும் வேலையே இல்லை, 672 × 504க்குச் சுருக்கினால் போதும். ஆம்பியர், வோல்ட், கிலோவாட் மூன்றும் வந்ததும் அந்த 1.732 கணக்கை ஸ்கிரிப்டே போடுகிறது. வகுத்து வருவது 0.4க்குக் கீழோ 0.95க்கு மேலோ போனால் அந்தப் படத்தைத் தனியாக ஒதுக்கி வைக்கிறது. வரிசை எண்ணுக்கு இப்படிக் கணக்கு எதுவும் இல்லாததால், அதை மட்டும் அண்ணன் கண்ணால் ஒருமுறை பார்த்துக்கொள்கிறார்.

மாலையில் பட்டறை மூடும்போது ஓடவிட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போகிறோம். நாற்பது பிளேட்டுக்கு அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. ஒதுங்கி நிற்பவை பெரும்பாலும் எழுத்தை அச்சிடாமல் தகட்டில் குத்தியிருக்கும் பழைய பிளேட்டுகள். அவற்றின்மேல் சாக்பீஸைத் தேய்த்துத் துடைத்துவிட்டு மறுபடி படம் எடுக்கிறார் அண்ணன். பள்ளத்தில் மட்டும் வெள்ளை தங்கி எண் தெரிகிறது.